டீக்கடை மாக்குமென்டரி: பேட்டியைக் கடைசியில் எழுதுங்கள்

கேள்வி: கடலூர் ஓ.டி.யில, அதான் பழைய டவுன்ல, இருக்குற எங்க தெரு டீக்கடைய வச்சு பத்து நிமிஷ மாக்குமென்டரி காமெடி ஒண்ணு எழுதியிருக்கேன், அதான் நெசமான ஆவணப்படம் மாதிரியே எடுக்குற கற்பனைக் கதை. ஆளுங்க கேமராவப் பாத்துப் பேசுற பேட்டி, நடுநடுவுல பேச்ச வெட்டி வேற எதையாவது காட்டுற கட்அவே எல்லாம் இருக்கு. பேட்டி ஒவ்வொண்ணையும் தனியாப் படிச்சா சிரிப்பு வருது. மொத்தமாப் படிச்சா வரமாட்டேங்குது. எங்க தப்பு?

பேட்டிகளை முதலில் எழுதிவிட்டு அவற்றுக்கு நடுவே காட்சிகளைச் சொருகியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அப்படி எழுதினால் பேசுகிற ஒவ்வொருவரும் ஜோக் சொல்கிறவர் ஆகிவிடுவார். தான் ஜோக் சொல்கிறோம் என்று தெரிந்து பேசுகிற ஆள் ஒருவர் வந்துவிட்டாலே அது பட்டிமன்ற மேடைதான். இந்த வடிவத்தில் சிரிப்பு, ஆள் சொல்வதற்கும் கேமரா கண்டதற்கும் நடுவே விழுகிற இடைவெளியில் இருக்கிறது. கேமரா என்ன கண்டது என்று முடிவாகாத வரைக்கும் அந்த இடைவெளியே உருவாகாது. ஆகவே வரிசையைத் திருப்புங்கள். முதலில் கடையில் நடந்ததை எழுதுங்கள், அடுத்து கட்அவே, கடைசியில் பேட்டி.

அதற்கும் முன்னால் அரைப் பக்கம் எழுதி வைத்துக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு: இந்தக் கேமரா ஏன் இந்தக் கடைக்கு வந்தது? பலர் இதை விட்டுவிடுகிறார்கள். எட்டடிக்குப் பத்தடி டீக்கடையில் கேமராவும் மைக்கும் பிடித்துக்கொண்டு மூன்று பேர் நின்றால் வழியே அடைபட்டுவிடும். அவர்கள் இல்லாத மாதிரி யாரும் நடந்துகொள்ள முடியாது. காட்சித் தொடர்பியல் படிக்கும் மாணவர்கள் மூவர், சிறு வணிகம் பற்றி ஒரு ஆவணப்படம் எடுக்க வந்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். இது போதும். ஆனால் கடையில் உள்ள ஒவ்வொருவரும் அந்தப் படம் எதற்கு என்று வெவ்வேறாக நினைத்துக்கொண்டிருக்க வேண்டும். முதலாளி, இது டிவியில் வரும், அதிகாரிகள் பார்ப்பார்கள் என்று நினைக்கிறார். அதனால் எல்லாமே ஒழுங்காக நடப்பதாகக் காட்டுவார். டீ மாஸ்டர், இது தன்னைப் பற்றிய படம் என்று நம்புகிறார். தினமும் காலை ஆறு மணிக்குப் பெஞ்சில் வந்து உட்காரும் ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டர் சார், தன்னை ஆலோசகராக அழைத்திருக்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டுவிட்டார். மூவரும் கேமராவிடம் வெவ்வேறு விஷயத்தை எதிர்பார்க்கிறார்கள். பேட்டியில் ஒருவர் எதைச் சொல்வார், எதை மறைப்பார் என்பது இந்த எதிர்பார்ப்பிலிருந்துதான் வரும். இது உங்களுக்குத் தெரியாத பாத்திரத்துக்குப் பேட்டி எழுதாதீர்கள்.

இப்போது நடந்ததை எழுதலாம். டீக்கடைக்கு எளிய, நல்ல கதை விலையேற்றம். டீ 12 ரூபாயிலிருந்து 15 ரூபாய் ஆகிறது. முதலாளிக்கு அதை வாடிக்கையாளரிடம் சொல்ல வாய் வரவில்லை. பேட்டி எதுவும் இல்லாமல், ஜோக் எதுவும் இல்லாமல், கண்ணால் பார்க்கக் கூடியதை மட்டும் வெறும் வாக்கியங்களாக எழுதிப் பாருங்கள்:

காலை ஐந்து மணி. முதலாளி கரும்பலகையில் "டீ 12" என்பதை அழித்து "டீ 15" என்று எழுதுகிறார். இரண்டடி பின்னால் நகர்ந்து பார்க்கிறார். பெரிய மாதக் காலண்டர் ஒன்றை எடுத்து அதன் மேல் மாட்டுகிறார்.

ஆறு மணிக்கு போஸ்ட்மாஸ்டர் சார் வருகிறார். டீ குடித்து 20 ரூபாய் தருகிறார். முதலாளி எட்டு ரூபாய் மீதி கொடுக்கிறார். சார் பேப்பரைப் பிரித்து, கடலூர் துறைமுகத்தில் 1-ஆம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றியிருக்கிறார்கள் என்று எல்லாருக்கும் கேட்கும்படி படிக்கிறார்.

பஸ்ஸிலிருந்து இறங்கிய வெளியூர்க்காரர் ஒருவர் டீ குடித்துவிட்டு எவ்வளவு என்கிறார். முதலாளி குரலைத் தாழ்த்தி "பதினஞ்சு" என்கிறார். சார் காதில் விழுந்துவிடுகிறது. "பதினஞ்சா?"

"அது வேற டீங்க சார்" என்கிறார் முதலாளி.

சார் சற்று யோசித்துவிட்டு, "அப்ப அதுல ஒண்ணு போடு" என்கிறார்.

மாஸ்டர் அதே பாய்லரில், அதே பாலில், அதே தூளில் ஒரு டீ போட்டுக் கொடுக்கிறார். சார் குடிக்கிறார். கண்ணை மூடித் தலையாட்டுகிறார். மத்தியானத்துக்குள் பெஞ்சில் உள்ள எல்லாரும் அந்த 15 ரூபாய் டீயைக் கேட்கிறார்கள். மாலையில் துறைமுகத்தில் கூண்டு 3 ஆகிறது. காற்று வருகிறது. காலண்டர் பறக்கிறது. போர்டு தெரிகிறது.

இவ்வளவுதான் கதை. ஒரு பேட்டியும் இல்லாமல் இது ஓடுகிறது என்பதைக் கவனியுங்கள். முதலாளி சொன்ன ஒரு பொய் அவரையே வேலை வாங்குகிறது; ஒவ்வொரு படியும் முந்தைய படியால் வருகிறது. உங்கள் கதையையும் இப்படிப் பத்துப் பன்னிரண்டு வாக்கியத்தில் எழுதிப் பாருங்கள். எழுத முடியவில்லை என்றால், இல்லாத கதையைப் பேட்டி மூடிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

கூண்டைப் பற்றி இங்கேயே ஒரு வார்த்தை. ஐப்பசி, கார்த்திகையில் ஓ.டி.யில் யாரும் இந்தச் செய்தியைக் கேட்காமல் இருக்க முடியாது. கதைக்குள் அது தானாக வந்து உட்காரும். ஆனால் எண்களைச் சரியாக வையுங்கள். 1 முதல் 11 வரை இருக்கிறது. 1, 2 இரண்டும் தொலைவில், கடலில் இருக்கும் புயல் சின்னத்துக்கு. 3 என்றால் இந்தத் துறைமுகத்துக்கே பலத்த காற்று வரலாம் என்ற எச்சரிக்கை. 8, 9, 10 பெரும் அபாயம். அந்த அளவுக்குக் கதையைக் கொண்டுபோகாதீர்கள். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரையைக் கடந்தது கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையில்தான். கூரை போனவர்களும் முந்திரித் தோப்பு இழந்தவர்களும் உங்கள் பார்வையாளர்களில் இருப்பார்கள். காலண்டரைத் தூக்கும் காற்று இந்தக் கதைக்குப் போதும்.

அடுத்தது கட்அவேயும் பேட்டியும். இரண்டையும் ஜோடியாக எழுதுங்கள். இதில் நான் முதலில் பார்ப்பது ஒன்றைத்தான்: பேட்டியில் சொல்கிற விஷயம் ஒரே ஷாட்டில் சரிபார்க்கக் கூடியதா? "நான் தைரியசாலி" என்பதைக் கேமரா சரிபார்க்க முடியாது. "போர்டுல எழுதிட்டேன்" என்பதைச் சரிபார்க்கலாம். ஓர் இடம், ஒரு பொருள், ஓர் எண், ஒரு நேரம் இவற்றில் ஏதாவது ஒன்று பேச்சுக்குள் இருந்தால்தான் கட்அவேக்குப் போக ஒரு விலாசம் கிடைக்கும்.

இப்படி எழுதப்பட்ட பேட்டியை நிறையப் பார்க்கலாம்:

முதலாளி: "எம் பொண்டாட்டிக்குக்கூட பயப்படமாட்டேன் தம்பி. இந்த விலைப் போர்டுக்குத்தான் பயப்படுவேன்."

தனியாகப் படித்தால் சிரிப்பு வரலாம். ஆனால் இந்த ஆளுக்குத் தன் பயம் தெரிந்திருக்கிறது, அதைச் சொல்லவும் செய்துவிட்டார். கேமராவுக்கு வேலை இல்லை. இதையே மாற்றினால்:

முதலாளி: "வெல ஏத்துறதுல என்னங்க தயக்கம்? பால் ஏறிப்போச்சு, சிலிண்டர் ஏறிப்போச்சு. காலைல அஞ்சு மணிக்கே போர்டுல எழுதிட்டேன். பெருசாவே எழுதிட்டேன்."

கட்அவே: சுவர். மாதக் காலண்டர். ஃபேன் காற்றில் தாளின் ஓரம் தூக்குகிறது. அடியில் "5" மட்டும் தெரிகிறது. தாள் இறங்குகிறது.

முதலாளி சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. பெரிதாகத்தான் எழுதியிருக்கிறார். "பெருசாவே" என்ற கடைசி வாக்கியம்தான் ஷாட்டைச் சிரிக்க வைக்கிறது. தாள் தூக்குவது வெறும் அலங்காரமும் இல்லை. மாலைக் காற்றுக்கு இங்கேதான் விதை போடுகிறீர்கள்.

அந்தக் கட்அவேயில் வேறு எதையும் சேர்க்காதீர்கள். ஒரு ஃப்ரேம், ஒரு பொருள், இரண்டிலிருந்து மூன்று விநாடி. பின்னணி இசை வேண்டாம், "டொய்ங்" சத்தம் வேண்டாம். பாய்லர் இரைச்சலும் ரோட்டில் போகிற பஸ்ஸின் ஹாரனும் போதும். முதலாளி ஓடிவந்து தாளைப் பிடிப்பதாக எழுதினால் அது வேறு வகை நகைச்சுவையாகிவிடும். யாராவது அதைப் பார்த்துச் சிரிப்பதாக எழுதினால் பார்வையாளரின் சிரிப்பை நீங்களே செலவழித்துவிடுகிறீர்கள். ஸ்கிரிப்டிலும் இதே ஒழுக்கம் வேண்டும். "வேடிக்கையாக", "திருதிருவென முழித்தபடி" போன்ற குறிப்புகளை அடித்துவிடுங்கள். அவற்றைப் படிக்கிற நடிகர் முகத்தைக் கோணுவார்.

இந்த ஜோடியில் ஒரு ஆபத்து இருக்கிறது. ஆள் ஒன்று சொல்கிறார், கேமரா நேர்மாறாகக் காட்டுகிறது. முதல் தடவை சிரிப்பு வரும், இரண்டாவது தடவையும் வரும். மூன்றாவது தடவை, பேச்சு முடியும் முன்பே பார்வையாளர் ஷாட்டை ஊகித்துவிடுவார். ஆகவே உறவை மாற்றிக்கொண்டே போக வேண்டும். போர்டு ஜோடியில் சொன்னது உண்மை, ஆனால் பயனில்லாத உண்மை. அடுத்ததில் சொன்னது எழுத்துக்கு எழுத்து உண்மையாக இருந்து, நிலைமை அதைவிட மோசமாக இருக்கட்டும்:

முதலாளி: "கடன் நோட்டுன்னு ஒண்ணு நம்ம கடையில கெடையாதுங்க. நல்லாத் தேடிப் பாத்துக்கங்க."

கட்அவே: கல்லாவுக்கு மேலே ஒரு கம்பி. தினசரி காலண்டரிலிருந்து கிழித்த தாள்கள், ஒரு சாண் உயரத்துக்குக் குத்தியிருக்கின்றன. மேல் தாளின் பின்பக்கம்: "சார் 2 டீ 1 வடை. கேமரா தம்பிங்க 9 டீ."

கேமராக்காரர்களின் கணக்கும் அதில் இருப்பதைப் பாருங்கள். படக்குழு அந்தக் கடையின் கடன்காரர்கள் ஆகிவிட்டார்கள். ஒரு வரியில் குழுவும் கதைக்குள் வந்துவிடுகிறது.

மூன்றாவது வகையில் வரிசையே மாறும். முதலில் காட்சி, பிறகு பேட்டி. மாஸ்டர் ஒரே ஆத்தலில் இரண்டு கிளாஸை நிரப்புவதைக் காட்டிவிடுங்கள். ஒன்று 12, மற்றொன்று 15. அதற்குப் பிறகு போஸ்ட்மாஸ்டர் சார் பேசட்டும்:

சார்: "முதல் மிடறிலேயே வித்தியாசம் தெரிந்துவிட்டது. இதில் ஏலக்காய் இருக்கிறது. போட்டிருப்பார்கள் என்று சொல்லவில்லை. இருக்கிறது."

இதற்குப் பின் கட்அவே வேண்டவே வேண்டாம். உண்மை ஏற்கெனவே பார்வையாளர் கையில் இருக்கிறது. அவர் பேசி முடித்த பிறகு ஷாட்டை ஒன்றரை விநாடி பிடித்து வையுங்கள்; அவ்வளவு போதும்.

சார் ஏன் "தெரிந்துவிட்டது", "இருக்கிறது" என்று பேசுகிறார்? தமிழில் இந்த வடிவத்துக்கு இலவசமாகக் கிடைக்கிற பெரிய ஆயுதம் இது. ஆனால் பலர் பயன்படுத்துவதில்லை. நம்மூரில் மைக்கைப் பார்த்தவுடன் ஆளின் தமிழ் மாறும். பெஞ்சில் "ஒரு டீ போடுப்பா, சக்கர கம்மியா" என்று சொல்கிறவர் கேமராவுக்கு முன்னால் "தேநீர் என்பது..." என்று ஆரம்பிப்பார். அந்த மேடைத் தமிழ் எங்கே உடைகிறது என்பதைத் தீர்மானித்து எழுதுங்கள். சார் ஐந்து பேட்டிகளில் செந்தமிழில் பேசி, ஆறாவதில், கடன் தாளைப் பற்றிக் கேட்டதும், "யாரு சொன்னது?" என்று பேச்சுத் தமிழுக்கு விழுந்தால், அந்த விழுதலே சிரிப்பு. அதற்கு ஜோக் எழுதத் தேவையில்லை. மாஸ்டருக்கு இந்த மாற்றமே வேண்டாம். அவர் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி பேசுகிறவர். முதலாளி, படக்குழுவை "ங்க" போட்டு, "தம்பி" என்று பேசுவார். அதே மூச்சில் திரும்பி மாஸ்டரை "டேய், பால் பொங்குது பாரு" என்பார். மரியாதையும் அதட்டலும் ஒரே ஷாட்டில் மாறி வருவது, அந்தக் கடையில் யாருக்கு என்ன இடம் என்பதை ஒரு பக்க விளக்கத்தைவிட வேகமாகச் சொல்லிவிடும்.

வாக்கிய அமைப்பையும் கவனியுங்கள். தமிழில் வினை கடைசியில் வருவதால், வெட்டு விழ வேண்டிய இடமும் அதுதான். "கிடையாதுங்க" என்று முடிந்ததும் வெட்டு. அதற்குப் பின்னால் "தெரியுமா?", "என்ன சொல்றீங்க?", "அப்படித்தான் நான் நெனைக்கிறேன்" என்று வால் தொங்கினால் வெட்டு மழுங்கிவிடும். ஆனால் பேச்சுத் தமிழில் வினைக்குப் பின்னால் ஒரு சொல்லை விட்டுச் சேர்ப்பது இயல்பு. அதைத் தெரிந்து பயன்படுத்தலாம். "பதினஞ்சு வருஷமா சார் இங்கதான் டீ குடிக்கிறாரு. கடன்ல." இதை "பதினஞ்சு வருஷமா சார் இங்க கடன்லதான் டீ குடிக்கிறாரு" என்று எழுதினால் அது புகார். முதல் வடிவத்தில் அது ஒரு கணக்குத் திருத்தம். சொல்கிற மாஸ்டருக்கு அதில் கோபமும் இல்லை, கிண்டலும் இல்லை. உணர்ச்சி காட்டாத முகத்துக்கு ஏற்ற வாக்கியம் அதுதான்.

அடுத்து, பலரும் இடறுகிற ஓர் இடம்: பேட்டி எப்போது எடுக்கப்பட்டது? ஒவ்வொரு பேட்டியின் தலையிலும் "முன்" அல்லது "பின்" என்று குறித்துவையுங்கள். சம்பவத்துக்கு முன் எடுத்தது என்றால் முதலாளி நம்பிக்கையோடு பேசலாம். என்ன நடக்கப்போகிறது என்று அவருக்குத் தெரியாது. அன்று இரவு, கடை மூடிய பின் எடுத்தது என்றால் எல்லாம் தெரிந்தும் பேசுகிறார். இப்போது அவர் மறைக்கிறார், அல்லது நியாயப்படுத்துகிறார். இரண்டும் வேறு வேறு மனநிலை. குறிக்காமல் எழுதினால், காலண்டர் பறந்துபோன பிறகும் "யாருக்கும் தெரியாது" என்று சொல்கிற வசனம் வந்து விழும். பார்வையாளருக்கு அது நகைச்சுவையாகத் தெரியாது, எடிட்டிங் தப்பாகத்தான் தெரியும். எளிய வழி ஒன்று இருக்கிறது. "முன்" பேட்டிகளில் முதலாளி தோளில் துண்டு உலர்ந்திருக்கட்டும், "பின்" பேட்டிகளில் நனைந்திருக்கட்டும். இடத்தையும் நிலையாக வையுங்கள். முதலாளிக்குக் கடைக்குப் பின்னால், சிலிண்டருக்கும் பால் கேனுக்கும் நடுவில். சாருக்கு அவர் வீட்டு வாசல். மாஸ்டருக்குத் தனி இடம் கிடையாது. பாய்லரை விட்டு அவர் நகர முடியாது. அதனால் அவருடைய எல்லாப் பேட்டியும் வேலைக்கு நடுவே நடக்கும், பாதியில் "ரெண்டு டீ, ஒண்ணு ஸ்ட்ராங்கா" என்று யாரோ வெட்டுவார்கள். தன்னைப் பற்றிய படம் என்று நம்புகிற ஆளுக்கு ஒரு வாக்கியத்தைக்கூட முழுதாகச் சொல்லக் கிடைக்கவில்லை. பத்து நிமிடமும் அது அவரோடு வரும்.

கேமராவைத் திரும்பிப் பார்க்கிற பார்வை பற்றி. இதை எல்லாருக்கும் கொடுத்தால் மதிப்பு போய்விடும். ஒருவருக்கு மட்டும் கொடுங்கள், பத்து நிமிடத்தில் இரண்டு தடவை. இந்தக் கதையில் அது மாஸ்டருக்குத்தான் பொருந்தும். முதலாளி "அது வேற டீங்க சார்" என்று சொன்ன கணத்தில் மாஸ்டர் மறுத்துப் பேச முடியாது. கையில் ஆத்துகிற டீ இருக்கிறது, பேசினால் சம்பளம் போகும். போவதற்கு வேறு இடம் இல்லாததால்தான் பார்வை கேமராவுக்குப் போகிறது. வாயால் பதில் சொல்லக் கூடிய ஆள் கேமராவைப் பார்த்தால் அது வெறும் பழக்கதோஷம்.

சாருக்குக் கொடுக்க வேண்டியது வேறு வகை. காலண்டர் பறக்கிற அதே காற்றில் கம்பியில் குத்திய கடன் தாள்களும் தெருவெங்கும் பறக்கின்றன. எல்லாரும் ஓடிப் பொறுக்குகிறார்கள். சார் ஒரு தாளை எடுக்கிறார், பின்பக்கம் படிக்கிறார், நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைக்கிறார். நிமிர்கிறார். கேமரா. தாளை வெளியே எடுக்கிறார், மடிப்பைப் பிரித்து நீவிவிட்டு, முதலாளியிடம் கொண்டுபோய்க் கொடுக்கிறார். இதை வசனமே இல்லாமல் ஒரே ஷாட்டில் எழுதுங்கள். இங்கே கேமரா வெறும் சாட்சி இல்லை. அது இருப்பதால் ஒரு மனிதர் செய்ய இருந்ததை மாற்றிக்கொள்கிறார். மாக்குமென்டரியாக எடுப்பதற்கு இந்த ஒரு காட்சியே காரணம் சொல்லும். சாதாரண நாடகமாக எடுத்தால் இதை எழுதவே முடியாது. உங்கள் ஸ்கிரிப்டில் இப்படி, கேமரா இல்லாவிட்டால் நடந்திருக்காத சம்பவம் குறைந்தது ஒன்றாவது இருக்கிறதா என்று பாருங்கள்.

அளவு. பத்து நிமிடத்துக்குப் பேட்டிகள் பத்து முதல் பன்னிரண்டு, ஒவ்வொன்றும் 10 முதல் 15 விநாடி. மொத்தம் இரண்டரை நிமிடத்தைத் தாண்ட வேண்டாம். கட்அவே ஆறு அல்லது ஏழு. எல்லாம் சேர்ந்து இருபது விநாடிதான் வரும். மீதி ஏழு நிமிடமும் கடையில் நடக்கிற காட்சி. உங்கள் பேட்டிகளை வாய்விட்டுப் படித்து, கைபேசியில் நேரம் வையுங்கள். கண்ணால் படிக்கும்போது பத்து விநாடி போலத் தெரிவது வாயில் இருபதைத் தொடும். நீள்கிற பேட்டியில் பெரும்பாலும் முதல் வாக்கியம்தான் வேண்டாதது, "டீக்கடைன்னா என்னன்னா தம்பி..." என்று ஆரம்பிக்கிற பீடிகையை வெட்டினால் பாதி சரியாகிவிடும்.

எழுதி முடித்த பின் இரண்டு தடவை படித்துப் பாருங்கள். முதல் தடவை பேட்டிகள் அனைத்தையும் மறைத்துவிட்டு, காட்சிகளை மட்டும். கதை புரிய வேண்டும். புரியாத இடத்தில் ஏதோ ஒரு பேட்டி தகவல் சொல்லிக்கொண்டிருக்கிறது. அந்தத் தகவலைக் காட்சிக்கு மாற்றுங்கள். இரண்டாவது தடவை காட்சிகளை மறைத்துவிட்டு, பேட்டிகளை மட்டும். இது ஒரு நிஜ ஆவணப்படத்தில் நிஜ மனிதர்கள் பேசியது போல, கொஞ்சம் சலிப்பாகவே இருக்க வேண்டும். எந்தப் பேட்டி தனியாக நின்று சிரிக்க வைக்கிறதோ அதை வட்டம் போடுங்கள். உங்கள் ஸ்கிரிப்டில் திருத்த வேண்டிய பட்டியல் அதுதான்.

இப்போது முடிவை இந்த முறைப்படி எழுதிப் பார்ப்போம். கூண்டு 3 ஏறியாயிற்று. முதலாளி கடைசியாகக் கொடுத்த "முன்" பேட்டியில், "தொறமுகத்துல கூண்டு ஏத்தியிருக்காங்க. இந்த நேரத்துல போய் நாமளும் ஏத்துனா நல்லாவா இருக்கும்?" என்று கேட்டிருந்தார். அவர் அதை மனப்பூர்வமாகச் சொல்கிறார். சிலேடை நம் காதில்தான் விழுகிறது, அவர் காதில் இல்லை. காற்று வந்து காலண்டர் போயிற்று. பெஞ்சில் எல்லாரும் போர்டைப் பார்க்கிறார்கள். "டீ 15." ஒரே ஒரு டீதான் எழுதியிருக்கிறது. இங்கே சண்டை எழுதத் தோன்றும்; எழுதாதீர்கள். ஏலக்காய் இருக்கிறது என்று கேமரா முன்னால் சொன்னவர் சார். டீ ஒன்றுதான் என்று ஒப்புக்கொண்டால் தன் நாக்கு பொய் என்று ஆகிவிடும். அவருக்கு இப்போது முதலாளியைக் காப்பாற்றுவதைத் தவிர வழியில்லை.

சார்: "அப்ப அந்தப் பன்னெண்டு ரூபா டீ?"

முதலாளி: "இனிமே இல்லீங்க சார்."

சார் போர்டைப் பார்க்கிறார். கிளாஸைக் கீழே வைக்கிறார்.

சார்: "நல்லது. அது நல்லாவே இல்ல."

மாஸ்டர் கேமராவைப் பார்க்கிறார். இது இரண்டாவது தடவை. "ரெண்டு டீ" என்று ஒரு குரல். மாஸ்டர் திரும்பி ஆத்த ஆரம்பிக்கிறார். வெட்டு.